மவுஸ் தொடாமல் ஒரு பில் பட்டியல்: எக்செல் ஷார்ட், முழு ஸ்கிரிப்ட்

நீளம்: 3 நிமிடத்துக்குள். செங்குத்துத் திரை, 1080 × 1920.

படம் பிடிப்பவருக்கும் எடிட்டருக்கும்

திரையின் இடது மூன்றில் ஒரு பங்கு கீகளுக்கு, மீதி எக்செலுக்கு. லைக், கமென்ட் பொத்தான்கள் வலது ஓரத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். அதனால் முக்கியமான செல் எதுவும் அங்கே விழக் கூடாது. எக்செலை 200% பெரிதாக்கி வையுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்ப்பவருக்கும் எண்கள் தெரிய வேண்டும்.

கீ முதலில் வரட்டும், அரை நொடி கழித்துப் பலன் வரட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை அழுத்தியதால் எது நடந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது. பலன் முடியும்வரை கீ திரையை விட்டுப் போகக் கூடாது. பின்னணி இசை வேண்டாம். கீபோர்டு தட்டும் சத்தமே போதும்.

மாதிரி ஷீட்: பெயின்ட் மொத்தக் கடையின் ஜூன் மாத பில் பட்டியல், 40 பில். முதல் ரோவில் தலைப்புகள், 2 முதல் 41 வரை பில்கள். A காலத்தில் ஊர், B காலத்தில் பில் விவரம், C காலியாக, D காலத்தில் தொகை, E காலியாக. H1 செல்லில் 18%.

0:00

இடது: (காலி)
வலது: பில் பட்டியல். A காலத்தில் Madurai ஒரு முறைதான் இருக்கிறது, அதன் கீழே ஆறு செல் காலி. பிறகு Karur, அதன் கீழேயும் காலி.

குரல்: கணக்கு மென்பொருளிலிருந்து எக்செலுக்கு இறக்கிய பட்டியல் இப்படித்தான் வரும். ஊர்ப் பெயர் முதல் பில்லுக்கு மட்டும், மற்றதெல்லாம் காலி. இதில் ஃபில்டர் போட்டு மதுரையைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு பில்தான் வரும். பலரும் ஒவ்வொரு ஊராக இழுத்து இழுத்து நிரப்புகிறார்கள். 40 பில்லுக்குச் சரி, 4,000 பில்லுக்கு? வாங்க, இந்த ஷீட்டை மவுஸ் தொடாமல் முடிப்போம்.

0:20

இடது, ஒவ்வொன்றாக: `Ctrl + Space`, `Ctrl + G`, `Alt + S`, `K`, `Enter`
வலது: A காலம் முழுவதும் நிறம் மாறுகிறது. Go To பெட்டி திறக்கிறது, Special பெட்டி வருகிறது, Blanks தேர்வாகிறது. பெட்டி மூடியதும் காலி செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கின்றன.

குரல்: A காலத்தில் எங்காவது ஒரு செல்லில் நில்லுங்கள். கன்ட்ரோல் ஸ்பேஸ், முழுக் காலமும் தேர்வாகும். கன்ட்ரோல் ஜி, ஆல்ட் எஸ், கே, என்டர். இப்போது காலி செல்கள் மட்டும் மாட்டியிருக்கின்றன. இனி எதையும் கிளிக் செய்யாதீர்கள், தேர்வு கலைந்துவிடும்.

இடது: `=`, `↑`, `Ctrl + Enter`
வலது: A3 செல்லில் `=A2` என்று தெரிகிறது. அடுத்த நொடி எல்லாக் காலி செல்லிலும் அதனதன் ஊர்ப் பெயர். இந்த இடத்தில் 2 நொடி நிறுத்துங்கள், மெதுவாகக் கீழே நகர்த்திக் காட்டுங்கள்.

குரல்: சமக்குறி, மேல் அம்பு. "எனக்கு மேலே இருப்பதை எடு" என்று அர்த்தம். வெறும் என்டர் அழுத்தினால் ஒரு செல்தான் நிரம்பும். கன்ட்ரோல் என்டர் அழுத்துங்கள். தேர்ந்தெடுத்த அத்தனை செல்லும் ஒரே அடியில் நிரம்பிவிட்டன.

இடது: `↓`, `Ctrl + Space`, `Ctrl + C`, `Ctrl + Shift + V`
திரையில் சின்ன எழுத்து: பழைய எக்செலில் `Ctrl + Alt + V`, `V`, `Enter`
வலது: A4 செல்லின் ஃபார்முலா பட்டையில் இருந்த `=A3` மறைந்து Madurai என்ற எழுத்தே வருகிறது.

குரல்: இதோடு விட்டுவிடாதீர்கள். இப்போது அங்கே இருப்பது ஊர்ப் பெயர் இல்லை, ஃபார்முலா. யாராவது வரிசை மாற்றி அடுக்கினால் மதுரை பில் கரூருக்குப் போய்விடும். அதனால் காலத்தைக் காப்பி செய்து, அதே இடத்தில் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள்.

1:05

இடது: `Ctrl + E`
வலது: B காலத்தில்
INV-0187/Primer/20L
INV-0188/Emulsion/10L
INV-0189/Wood Polish/1L
C2 செல்லில் Primer என்று தட்டச்சு ஆகிறது. என்டர். `Ctrl + E`. C காலம் கடைசி ரோ வரை நிரம்புகிறது.

குரல்: பில் எண், பொருள், அளவு மூன்றும் ஒரே செல்லில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. எனக்குப் பொருள் மட்டும் வேண்டும். பக்கத்துக் காலத்தில் முதல் பொருளை நானே எழுதுகிறேன். என்டர். அப்புறம் கன்ட்ரோல் ஈ. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைப் பார்த்து மீதியை எக்செலே எழுதிவிடும். ஃபார்முலா தெரிய வேண்டியதில்லை. எக்செல் 2013 முதல் இது இருக்கிறது.

வலது: C4 செல் பெரிதாகிறது: Wood Polish

குரல்: இரண்டு சொல் உள்ள பெயரைக் கட்டாயம் பாருங்கள். வெறும் வுட் என்று மட்டும் வந்திருந்தால், அந்த இரண்டாவது மாதிரியையும் நீங்களே எழுதிக் காட்டிவிட்டு மறுபடி அழுத்துங்கள். இன்னொன்று, பிற்பாடு பில்லைத் திருத்தினால் இந்தக் காலம் தானாக மாறாது. திரும்ப அழுத்த வேண்டும்.

1:35

இடது: `F4`
திரையில் சின்ன எழுத்து: சில லேப்டாப்பில் `Fn + F4`
வலது: E2 செல்லில் `=D2*H1` எழுதப்படுகிறது. கர்சர் H1 மீது இருக்கும்போது `F4`. `=D2*$H$1` ஆக மாறுகிறது. என்டர். D2 செல்லில் 4,500, E2 செல்லில் 810.

குரல்: வரித் தொகை. தொகை இங்கே, சதவிகிதம் அங்கே, H1 செல்லில். இப்படியே கீழே இறக்கினால் அடுத்த ரோவில் H2, அதற்கடுத்து H3 என்று நகர்ந்து வரி பூஜ்யமாகிவிடும். H1 எழுதியதும் எஃப் ஃபோர் ஒரு தட்டு. டாலர் குறி விழுந்துவிட்டது, இனி அந்த செல் நகராது.

இடது: `Ctrl + ↓` (D காலத்தில்), `→`, `Ctrl + Shift + ↑`, `Ctrl + D`
வலது: கர்சர் D2 செல்லிலிருந்து D41 செல்லுக்குத் தாவி, E41 செல்லுக்கு நகர்ந்து, மேலே E2 வரை தேர்வாகிறது. பிறகு எல்லா ரோவிலும் வரித் தொகை.

குரல்: இதைக் கீழே இறக்கப் பலர் E காலத்திலேயே கீழ்நோக்கித் தேர்வு செய்வார்கள். அது காலியான காலம், கர்சர் நேராக 10,48,576ஆவது ரோவில் போய் நிற்கும். அதற்குப் பதில் நிரம்பியிருக்கும் பக்கத்துக் காலத்தில் இறங்குங்கள், வலது அம்பு அழுத்துங்கள், அங்கிருந்து மேல்நோக்கித் தேர்வு செய்யுங்கள். கன்ட்ரோல் டி. எனக்கு இந்த ஷார்ட்டில் மிகப் பிடித்த இடம் இதுதான். பக்கத்துக் காலத்தில் நடுவே காலி செல் இல்லாத எந்தப் பட்டியலிலும் வேலை செய்யும்.

2:10

இடது: `Alt + =`
வலது: D42, E42 இரண்டும் தேர்வாகியிருக்கின்றன. ஒரே அழுத்தலில் இரண்டிலும் கூட்டுத்தொகை. D42 செல்லின் ஃபார்முலா பட்டையில்:

```
=SUM(D2:D41)
```

குரல்: கடைசி ரோவுக்குக் கீழே இரண்டு செல்லையும் தேர்ந்தெடுத்து ஆல்ட், சமக்குறி. கூட்டல் வந்துவிட்டது. ஆனால் அடைப்புக்குள் இருக்கும் எண்களைப் பாருங்கள். நடுவில் ஒரு தொகை காலியாக இருந்தால், கூட்டல் அந்தக் காலி செல்லுக்குக் கீழே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். D2 செல்லிலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும்.

2:25

(இங்கிருந்து வேகம். கீ, பலன், அடுத்தது.)

இடது: `Ctrl + ;`
வலது: செல்லில் இன்றைய தேதி.
குரல்: தேதி. நாளைக்கும் இதே தேதியாகவே இருக்கும், மாறாது.

இடது: `Alt + Enter`
வலது: ஒரே செல்லுக்குள் இரண்டாவது வரி.
குரல்: முகவரி எழுத.

இடது: `Ctrl + Shift + L`
வலது: தலைப்புகளில் ஃபில்டர் அம்புகள். இன்னொரு முறை அழுத்த, மறைகின்றன.
குரல்: ஃபில்டர் போட, எடுக்க.

இடது: `Win + V`
வலது: முன்பு காப்பி செய்தவை பட்டியலாக. மேல் அம்பு, கீழ் அம்பு, என்டர். பழைய பில் எண் ஒட்டப்படுகிறது.
குரல்: இது எக்செலுக்கு வெளியேயும் வேலை செய்யும். காப்பி செய்த கடைசி 25 வரை இங்கே இருக்கும். முதல் முறை அழுத்தும்போது டர்ன் ஆன் கேட்கும், ஒப்புக்கொள்ளுங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் வேண்டாம், காப்பி செய்த பாஸ்வேர்டும் இதே பட்டியலில் கிடக்கும்.

2:46

இடது: `Win + L`
வலது: பூட்டிய திரை.

குரல்: சம்பளம், பில், வாடிக்கையாளர் கணக்கு எது திறந்திருந்தாலும் சீட்டை விட்டு எழுந்தால் இதை அழுத்துங்கள். நாளைக் காலை உங்கள் சொந்தப் பட்டியலில் கன்ட்ரோல் ஈ ஒன்றை மட்டும் பழகிப் பாருங்கள். அடுத்த ஷார்ட்டில் வேர்டு.

வீடியோவின் கீழே போடும் குறிப்பு

இந்த ஷார்ட் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கானது. `Ctrl + Shift + V` புதிய எக்செலில்தான் மதிப்பாக ஒட்டும். உங்களுடையதில் ஆகவில்லை என்றால் `Ctrl + Alt + V` வழியைப் பயன்படுத்துங்கள். காலி செல்களை நிரப்பும் வேலையைக் கூட்டல் ரோ போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ரோவிலும் கடைசி ஊரின் பெயர் ஏறிவிடும். எது தவறாகப் போனாலும் `Ctrl + Z`, ஃபைலை மூடும் முன்.