ஆல்டிஹைடிலிருந்து ஆல்கீன்: விட்டிக் வினையின் வழிமுறையும் புறவெளி வேதியியலும்

ஆல்கஹாலிலிருந்து நீரை நீக்கி ஆல்கீன் தயாரித்தால், இரட்டைப் பிணைப்பு பல இடங்களில் அமைந்து கலவையே கிடைப்பதுண்டு. ஆல்டிஹைடைப் பாஸ்பரஸ் இலைடுடன் வினைபுரியவைத்து ஆல்கீனாக்கும் விட்டிக் வினையில் அந்தக் குழப்பமில்லை; கார்பனைல் ஆக்சிஜன் இருந்த கார்பனிலேயே இரட்டைப் பிணைப்பு அமைகிறது. இவ்வினையை வளர்த்தெடுத்த கியோர்க் விட்டிக் 1979-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை எச். சி. பிரவுனுடன் பகிர்ந்துகொண்டார்.

பென்சால்டிஹைடை 1-பீனைல்புரொப்பீனாக மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். டிரைபீனைல்பாஸ்பீன் புரோமோஈத்தேனை SN2 முறையில் தாக்கிப் பாஸ்போனியம் உப்பைத் தருகிறது. பாஸ்பரசை அடுத்த கார்பனிலுள்ள புரோட்டானை பியூட்டைல்லித்தியம் போன்ற வலிமையான காரம் நீக்கும்போது Ph3P=CHCH3 என்னும் இலைடு உருவாகி, குடுவை ஆரஞ்சு நிறமாகிறது. அதன் கார்பனில் எதிர்மின்சுமையும் பாஸ்பரசில் நேர்மின்சுமையும் இருப்பதால், அந்தக் கார்பன் கருக்கவர் பொருளாகச் செயல்படுகிறது. வேலூரில் எங்கள் ஆய்வகத்தில், ஐப்பசி மழை நாளொன்றில், சரியாக உலர்த்தாத ஈதரை ஊற்றியதால் ஆல்டிஹைடைச் சேர்க்கும் முன்பே அந்த ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போயிற்று. நீர் இலைடைச் சிதைத்துவிட்டது.

இலைடின் கார்பன் கார்பனைல் கார்பனைத் தாக்கி, பாஸ்பரசில் நேர்மின்சுமையும் ஆக்சிஜனில் எதிர்மின்சுமையும் கொண்ட பீட்டெய்ன் உருவாகிறது, பிறகு வளையம் மூடுகிறது என்றே பழைய நூல்கள் எழுதும். ஆனால் லித்தியம் உப்பில்லாத கரைசல்களைக் குறைந்த வெப்பநிலையில் பாஸ்பரஸ் NMR கொண்டு பார்த்தபோது தென்பட்டது ஆக்சாபாஸ்பிட்டேன் என்னும் நான்கணு வளையமே, பீட்டெய்ன் அன்று. எனவே இரு பிணைப்புகளும் ஒரே படியில், ஆனால் சமமற்ற அளவில் உருவாகின்றன என்று எழுதுவதே பொருத்தம். பின்னர் பாஸ்பரசும் ஆக்சிஜனும் வளையத்தின் ஒரே பக்கமாக வெளியேற, ஆல்கீனும் Ph3P=O-வும் பிரிகின்றன. மிக வலிமையான பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பே வினையை முன்னோக்கி இழுக்கிறது.

வெளியேற்றம் ஒரே பக்கமாக நிகழ்வதால், வளையத்தில் பதிலீட்டுத் தொகுதிகள் அமைந்த விதமே ஆல்கீனின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. நிலைப்படுத்தப்படாத இலைடு விரைந்து வினைபுரிகிறது. அதன் மடிந்த இடைநிலையில், ஆல்டிஹைடின் தொகுதி பாஸ்பரசிலுள்ள பீனைல்களின் நெரிசலைத் தவிர்க்கும் திசையில் அமைவதால் ஒருபக்க வளையமும், அதிலிருந்து, தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் அமைந்த Z-ஆல்கீனும் முதன்மையாகக் கிடைக்கின்றன. லித்தியம் அயனி இருந்தால் இத்தேர்வு மங்கிவிடும். Z வேண்டுமெனில் NaHMDS போன்ற சோடியம் காரமே உகந்தது.

Ph3P=CHCO2Et போன்ற நிலைப்படுத்தப்பட்ட இலைடில் எதிர்மின்சுமை எஸ்டரிலும் பரவியிருப்பதால், அதைத் திண்மமாகப் புட்டியிலேயே சேமிக்கலாம். பென்சால்டிஹைடுடன் அது, தொகுதிகள் எதிரெதிர்ப் பக்கம் அமைந்த E-எத்தில் சின்னமேட்டைத் தருகிறது. ஆக்சாபாஸ்பிட்டேன் மீளும் சமநிலையே இதற்குக் காரணம் என்ற விளக்கம் பரவலாக எழுதப்பட்டாலும், அண்மைக் கணக்கீடுகள் இடைநிலையிலுள்ள இருமுனைகளின் இடைவினையையே சுட்டுகின்றன. எனக்கும் அதுவே ஏற்புடையது.

நிலைப்படுத்தப்படாத இலைடிலிருந்தே E வேண்டுமென்றால் ஷ்லாசர் மாற்றமுறை உண்டு. லித்தியம் முன்னிலையில், குறைந்த வெப்பநிலையில் உருவாகும் சேர்மத்துடன் பீனைல்லித்தியத்தைச் சேர்த்து β-ஆக்சிடோ இலைடாக்கி, பிறகு ஒரு புரோட்டானைக் கொடுத்தால் எதிர்ப்பக்க அமைப்பு மேலோங்கி, வெளியேற்றத்தின்பின் E-ஆல்கீன் கிடைக்கிறது.