சிக்கல் வரையறை: பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

கல்லூரி நூலகத்தின் கணினிப் பட்டியல் ‘இருப்பில் உள்ளது’ என்று காட்டும் புத்தகம், தேடிப் போனால் பல நேரம் அலமாரியில் இருப்பதில்லை. எங்கள் திட்டத்தின் முதல் வரைவில் இதை ‘புத்தகப் பற்றாக்குறை’ என்று எழுதியிருந்தோம். வழிகாட்டி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இது நீங்கள் பார்த்ததா, முடிவுகட்டியதா?” என்று கேட்டார். முடிவுகட்டியதுதான். அதனால் மறுபடி தொடங்கி, இரண்டு வாரம் நேரில் பார்த்தோம்.

வெளியே தெரிபவை

‘இருப்பில் உள்ளது’ என்று காட்டிய 60 புத்தகங்களைத் தேடியதில் 17 உரிய இடத்தில் இல்லை. மாணவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள், புகார் எழுதுகிறார்கள், கூடுதல் பிரதி கேட்கிறார்கள். இவை எல்லாமே விளைவுகள். கூடுதல் பிரதி வாங்கினாலும் அதுவும் இதே வழியில்தான் காணாமல் போகும்.

அடியில் இருப்பவை

அந்த 17-இல் 9 புத்தகங்கள் திரும்பி வந்தவற்றை அடுக்கும் தள்ளுவண்டியில் கிடந்தன. திரும்பப் பெறும்போது பார்கோடை வருடிய நொடியிலேயே பட்டியலில் நிலை மாறிவிடுகிறது. வண்டியோ மாலையில் ஒருமுறைதான் நகர்கிறது. புத்தகங்கள் அதிகம் திரும்புவது காலையில். இடைப்பட்ட நேரத்துக்கு ‘அடுக்கக் காத்திருக்கிறது’ என்றொரு நிலை பட்டியலில் கிடையாது. பணியாளர் சோம்பல் என்று முதலில் நினைத்தோம், அது தவறு. அடுக்குபவர்கள் பகுதிநேர மாணவர்கள், வகுப்பு முடிந்துதான் வர முடியும்.

இன்னும் 6 புத்தகங்கள் இடம் மாறியிருந்தன, ஆறுமே கணினிப் பிரிவில். இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி வகைப்பாட்டில் புள்ளிக்குப் பின் வருவது தசம எண். ஆகவே 005.133 முன்னால், 005.74 பின்னால் வர வேண்டும். முழு எண்ணாகப் படிப்பவர் 133-ஐவிட 74 சிறியது என்று மாற்றி வைத்துவிடுகிறார். கவனக்குறைவாக இருந்தால் தவறு அங்குமிங்குமாகச் சிதறியிருக்கும். இங்கே ஆறும் ஒரே மாதிரி. அடுக்குபவர்களைக் கேட்டோம்: எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லையாம்.

மீதி 2 கிடைக்கவே இல்லை. தொலைந்தவையா என்பதை முழு இருப்புச் சரிபார்ப்புதான் சொல்லும். அது இந்தத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே. நாங்கள் பார்த்தது தேர்வுக் காலமும் அல்ல, அப்போது உண்மையான பற்றாக்குறை வரலாம்.

சிக்கல்

திரும்பிய புத்தகம் அலமாரியைச் சேரும் முன்பே பட்டியல் அதை இருப்பில் காட்டுவதாலும், அடுக்குபவர்களுக்குத் தசம வரிசையில் பயிற்சி இல்லாததாலும், நூலகத்துக்குள்ளேயே இருக்கும் புத்தகங்கள் வாசகர் கைக்குக் கிடைப்பதில்லை.

இந்தக் காரணங்கள் சரிதானா என்று பார்க்க, இவ்விரண்டையும் சரிசெய்த பிறகு இன்னொரு 60 புத்தகங்களை இதே முறையில் தேடுவோம். வண்டியிலும் தவறான இடத்திலும் கிடந்த 15 என்ற எண்ணிக்கை குறையவில்லை என்றால் எங்கள் வரையறை தவறு.