பசலி 1434-ம் எங்கப்பாவும்

கழுத்தில் மாலை, தோளில் மூன்று சால்வை, கையில் அந்தப் பழைய ரெக்சின் பை. போட்டோவுக்காகக் கொஞ்சம் பையைக் கொடுங்கப்பா என்றேன். முத்திரையை ஒப்படைத்தாகிவிட்டது, உள்ளே ஒரு டிபன் பாக்ஸும் கண்ணாடிக் கூடும் மட்டும்தான். இருந்தும் கொடுக்கவில்லை.

30.06.2025. வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் 34 வருஷம் வி.ஏ.ஓ.வாக இருந்துவிட்டு அப்பா இன்று ஓய்வு பெற்றார். வருவாய்த்துறையில் ஜூன் 30 என்பது பசலி வருஷத்தின் கடைசி நாள். பசலி 1434-ம் அப்பாவின் சர்வீஸும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தன. இதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். வருஷக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியையும் முடித்தாயிற்று, பாதிக் கணக்கை யார் தலையிலும் கட்டவில்லையாம்.

இந்தப் பொருத்தத்துக்குக் காரணம் அவர் படித்த பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளியில் சேர்க்க வயசு பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் ஜூன் 2 என்று போட்டுவிட்டார். நாலைந்து மாச சம்பளம் அங்கேயே போச்சு. நல்லவேளை, ஜூன் 1 என்று போடவில்லை. போட்டிருந்தால் மே 31-லேயே மாலை விழுந்திருக்கும்.

அப்பாவுக்கு முகம் மறக்கும், சர்வே நம்பர் மறக்காது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் ஒருத்தர் வந்து, "ஐயா, என்னைத் தெரியுதா?" என்றார். அப்பா விழித்தார். அவர் ஊர்ப் பேரைச் சொன்னதும், "கிழக்கால வாய்க்கால், 87/2ஏ, உங்க அண்ணன் தம்பி மூணு பேரு கூட்டுப் பட்டா. பிரிச்சீங்களா இல்லையா?" என்றார். பந்தியில் உட்காரும்வரை உட்பிரிவுக்கு மனு எப்படி எழுதணும் என்று அவருக்குப் பாடம் நடந்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது எங்கள் பக்கம்தான். வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. அப்பா அவருடைய கிராமத்து முகாமில் இருந்தார், போன் கிடையாது, கரண்ட் கிடையாது. மூன்றாம் நாள் வந்து குளித்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், "ஒரு தார்ப்பாய் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் தார்ப்பாயை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். சொல்லட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

அப்புறம் நிவாரணத்துக்காக விழுந்த தென்னைகளின் கணக்கெடுப்பு. நானும் ஒருநாள் கூடப் போனேன். மரத்தின் மேல் மரம் விழுந்து கிடந்தது, கால் வைக்க இடமில்லை. எண்ணிய மரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே போனார். ஒரு தோப்பில் வயசானவர் ஒருத்தர், மரம் நிக்குது, குருத்துதான் முறிஞ்சிபோச்சு, இதையெல்லாம் சேர்ப்பீங்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்து, "குருத்து போனா மரம் போச்சுங்க பெரியவரே" என்று கோடு போட்டார். அதே வாரம் நூறு மரத்தை நூற்றைம்பதாக எழுதச் சொல்லி வந்தவர் எங்கள் சொந்தக்காரர். எழுதவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர் வருவதில்லை. பத்திரிகை மட்டும் நாங்கள் தவறாமல் வைக்கிறோம்.

வி.ஏ.ஓ. மகன்னா சும்மாவா என்று காலேஜில் கண்ணடித்தவர்கள் இதைப் படித்தால்: வீட்டுக் கடன் இன்னும் பாக்கி, கிராஜுவிட்டி வந்துதான் அடைக்க வேண்டும். 2003 ஏப்ரலுக்கு முன்பே வேலையில் சேர்ந்ததால் பழைய பென்ஷன் உண்டு. அது ஒன்றுதான் எங்கள் சொத்து மதிப்பு.

பேரேடும் அடங்கலும் கையால் எழுதிப் பழகியவர், ஐம்பது தாண்டி கம்ப்யூட்டருக்கு மாறினார். ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகும், ஒற்றை விரலால் மறுபடி முதலிலிருந்து. தங்கச்சிதான் குரு. திட்டு வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டார்.

இன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது அ-பதிவேடு, புலப்பட நகல்கள், முத்திரை எல்லாவற்றையும் பட்டியல்படி ஒவ்வொன்றாகக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். ஓரம் கிழிந்திருந்த ஒரு புலப்படத்தைப் பின்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டிச் சரிசெய்து வைத்திருந்தார். புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு என் வயசுகூட இருக்காது. "வாய்க்கால் பொறம்போக்கை மட்டும் பாத்துக்க தம்பி" என்றார்.

அப்பா, நாளைக்கு காலை ஆறு மணிக்கு எழுந்து வண்டியைத் துடைக்க வேண்டாம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட இனி ஜமாபந்தி இல்லை, தேர்தல் வேலை இல்லை, ஒரு சாக்கும் இல்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் டோக்கன் போட்டாச்சு.

ஊர்க்காரர்கள் கவனத்துக்கு: சான்றிதழுக்கு இனி புது வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். அப்பாவுக்குப் போன் அடித்தால் அவர் பாட்டுக்கு மனு எழுதிக் கொடுத்து, கூடவே கிளம்பியும் வந்துவிடுவார். அம்மா என்னைத்தான் கேட்பாள்.