ஸ்டடி ஹால்ல ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைக்க அனுமதி கேட்டு வார்டன் சாருக்கு

வார்டன் சாருக்கு வணக்கம்.

நேத்து மெஸ்ல வச்சு வாயால சொன்னப்ப "எதுனாலும் எழுதிக் குடுங்கல, படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்"னு சொன்னீங்க, அதான் சார் உக்காந்து எழுதுதேன், கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கிடுங்க.

விஷயம் இதான். கீழ ஸ்டடி ஹால்ல வைஃபை சுத்தமா எடுக்க மாட்டேங்கு. ஹாஸ்டல் வைஃபை டப்பா மாடிப்படிகிட்ட இருக்கு, அங்கேர்ந்து ஹாலுக்கு நடுவுல பழைய காலத்து தடிச் சுவரு ரெண்டு, அதைத் தாண்டி வரதுக்குள்ள சிக்னல் செத்துப் போவுது. அதனால ராத்திரி கேட் எக்ஸாமுக்குப் படிக்க குரூப்பு, அஞ்சாவது செமஸ்டர் பசங்க, அம்பை சங்கரன்கோவில் பக்கம் இருந்து தமிழ் மீடியத்துல படிச்சு வந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பிகள்னு எல்லாரும் படிக்கட்டுலயே உக்காந்து என்பிடெல் வீடியோ பாக்கோம், கொசு ஒரு பக்கம், ஏறி இறங்குறவங்க கால் ஒரு பக்கம். ஹால்ல இருக்கவங்க ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட் போடுதாங்க, ஒரே ரூமுக்குள்ள அத்தனை ஹாட்ஸ்பாட்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி யாருக்குமே ஒழுங்காக் கிடைக்கல, ஒன்பது மணிக்கெல்லாம் டேட்டாவும் காலி.

எங்ககிட்ட ஒரு சின்ன ஆக்சஸ் பாயிண்ட் இருக்கு சார், பாஸாகிப் போன சீனியர் அண்ணன் குடுத்துட்டுப் போனது. ஹால் மூலையில லேன் பாயிண்ட் ஒண்ணு சும்மாதான் கெடக்கு, அதுல மாட்டிக்கிட அனுமதி வேணும். அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர், எவ்வளவு இழுத்தாலும் 12 வாட்ஸ் பக்கம்தான், ஒரு ஃபேன் எடுக்கறதுல கால் பங்கு கூட வராது, அதனால கரண்ட் பில்லு பத்தி கவலையே வேண்டாம்.

நீங்க யோசிக்கது வேற, எனக்குத் தெரியும். போன தடவ யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டாந்து யாருகிட்டயும் சொல்லாம லேன்ல சொருகி, ஃப்ளோர் முழுக்க நெட்டு போச்சுல்லா, அது ஏன்னா அந்த ரவுட்டர் தானே எல்லாருக்கும் ஐபி அட்ரஸ் குடுக்க ஆரம்பிச்சிருச்சு, காலேஜ் சர்வர் குடுக்க வேண்டிய வேலையை இது நடுவுல புகுந்து செஞ்சா யாரு மெஷினுக்கும் வெளிய போற வழி தெரியாது. நாங்க அந்த ஐபி குடுக்குற டிஹெச்சிபியை ஆஃப் பண்ணிட்டு வெறும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுலதான் போடுவோம். இதுல இன்னொரு நல்லதும் இருக்கு சார், இதுதான் முக்கியம்னு நான் நினைக்கேன்: ரவுட்டர் மோடுல போட்டா அதுக்குப் பின்னால இருக்க அத்தனை பேரும் காலேஜ் சர்வருக்கு ஒரே ஆளாத்தான் தெரிவாங்க, எவன் என்ன பாத்தான்னு கண்டுபிடிக்க முடியாது. ஆக்சஸ் பாயிண்ட் மோடுல அப்படி இல்ல, ஒவ்வொருத்தனும் இப்ப மாதிரியே அவனவன் ரோல் நம்பர் போட்டு லாகின் பண்ணித்தான் ஆகணும், லாக்ல அவனவன் கணக்குலதான் விழும். பிளாக் பண்ணின சைட்டு பிளாக் ஆகித்தான் இருக்கும், கேம் ஆடுறதுக்குன்னு புது வழி எதுவும் இதுல திறக்காது.

பேரு StudyHall-GF, பாஸ்வேர்டு WPA2 பாதுகாப்புல போடுவோம், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 1, 6, 11 இந்த மூணு சானல்ல மாடிப்படி டப்பா எதுல ஓடுதோ அதை விட்டுட்டு வேற ஒண்ணு வச்சிக்கிடுவோம், அப்பதான் ரெண்டும் முட்டாது. பவரையும் ஹாலுக்கு மட்டும் போதும்கிற அளவு குறைச்சிருவோம். அட்மின் பாஸ்வேர்டு லேப் சிஸ்டம் அட்மின் சார் கையில இருக்கட்டும், அவர் பாத்து சரின்னு சொன்ன பொறவுதான் சொருகுவோம்.

நேரம் ராத்திரி 8-லேர்ந்து 11 வரைக்கும். 11-க்கு சுவிட்ச் ஆஃப் பண்ணி உங்க ரூம் சாவி மாட்டுற பலகைக்குப் பக்கத்துலயே அடாப்டரைக் குடுத்துருதோம், அப்ப யாரும் திருட்டுத்தனமா போட முடியாது. ஐப்பசி மழையில இடி இடிச்சா அப்பவே லேன் வயரையும் உருவிருவோம், அதுக்கு ஒரு தம்பியப் பொறுப்பாப் போட்டிருக்கோம். இன்னொண்ணு, ஒரே லெக்சரை பத்து பேரு பத்து தடவ இறக்காம, ஒருத்தன் பழைய லேப்டாப்புல ஒரு தடவ இறக்கி ஹாலுக்குள்ளயே ஷேர் பண்ணிக்கிடுவோம், அதுக்கு வெளி நெட்டே வேண்டாம், அதனால மேல் மாடி பசங்க நெட்டு ஸ்லோ ஆகுதுன்னு உங்ககிட்ட வந்து நிக்க மாட்டாங்க.

முதல்ல செமஸ்டர் எக்ஸாம் முடியுற வரைக்கும் மட்டும் குடுங்க சார். நடுவுல ஒரு புகார் வந்தாலும் கழட்டிருவோம், காரணம் கூடக் கேக்க மாட்டோம். நாளைக்கு சாயங்காலம் அட்டெண்டன்ஸ் எடுக்கப்ப டப்பாவையும் கொண்டாந்து காட்டுதேன், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அட்மின் சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிட்டாலும் சரிதான்.

இப்படிக்கு,
இசக்கிமுத்து, மூணாம் வருஷம் ஈசிஇ, ரூம் 214
(ஸ்டடி ஹால் பசங்க எல்லார் சார்பாவும். கையெழுத்து பின்பக்கம் இருக்கு சார்.)