மைசூர் ஆர்டர்: நேராக கஸ்டமருக்கே அனுப்புங்கள், விலை இல்லாத ஸ்லிப்போடு

வணக்கம் அண்ணா,

நேற்று போனில் சொன்ன ஆர்டர் இதுதான். டபுள் பெட்ஷீட் 90x108, வெள்ளையில் நீலக் கரை, 12 பீஸ். தலையணை உறை 18x28, அதே ரகம், 24 பீஸ். மைசூரில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு அம்மாவுக்கு. கோயம்புத்தூருக்கு வரவழைத்து நான் மறுபடி பிரித்துக் கட்டி அனுப்பினால் இரண்டு நாளும் இரண்டு கூரியர் செலவும் வீண், அதனால் இந்த முறை கரூரிலிருந்து நேராக அங்கேயே போய்விடட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும் அண்ணா. போன மாதம் அனுப்பிய பெட்டியில் உங்கள் பில்லும் விசிட்டிங் கார்டும் உள்ளேயே இருந்துவிட்டன. 620 ரூபாய் பெட்ஷீட்டை நான் 890க்கு விற்றது கஸ்டமருக்குத் தெரிந்து, அன்று சாயங்காலமே போன். அந்த 270 ரூபாயில்தான் என் கூரியர், விளம்பரம், திரும்பி வருகிற சரக்கு எல்லாமே அடக்கம் என்று அவரிடம் எப்படி விளக்குவது? யார் வைத்தார்கள் என்று கேட்கவில்லை, பேக்கிங் பையன் பழக்கத்தில் போட்டிருப்பான்.

அதனால் பெட்டிக்குள் நான் இணைத்திருக்கும் ஸ்லிப்பை மட்டும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். அதில் ஆர்டர் எண் 1147, பொருள், அளவு, நிறம், எண்ணிக்கை இவ்வளவுதான், விலையும் கிடையாது, உங்கள் பெயரும் கிடையாது. மில் பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டி, டேப் வேண்டாம், சாதாரண பிரவுன் பெட்டி போதும். அதற்குக் கூடுதலாக 40 ரூபாய் ஆகும் என்றால் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள். மடிப்பில் ஒட்டியிருக்கும் ரேட் ஸ்டிக்கரையும் உரித்துவிடச் சொல்லுங்கள். துணியில் தைத்திருக்கும் லேபிள், சட்டப்படி கவரில் இருக்க வேண்டிய விவரம் இதையெல்லாம் தொட வேண்டாம்.

கூரியர் லேபிளில் அனுப்புநர் இடத்தில் என் கடைப் பெயர், கோயம்புத்தூர் முகவரி, என் நம்பர். டெலிவரி ஆகாமல் திரும்பினாலும் என்னிடமே வந்துவிடும், உங்களுக்கு அலைச்சல் இல்லை.

பில் விஷயம் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டேன். உங்கள் பில் என் பெயருக்கு, "ஷிப் டு" இடத்தில் மைசூர் முகவரி. சரக்கு கர்நாடகா போனாலும் வாங்குகிற நான் தமிழ்நாட்டில் இருப்பதால் நீங்கள் போட வேண்டியது சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான். ஐஜிஎஸ்டி நான் கஸ்டமருக்குப் போடுகிற பில்லில் வரும். மொத்தமே 50,000க்குள் என்பதால் இ-வே பில் தேவைப்படாது. உங்கள் பில்லை மெயிலில் மட்டும் அனுப்புங்கள், பெட்டியின் வெளியே பிளாஸ்டிக் உறையில் ஒட்ட வேண்டியது என் பில், அதையும் இணைத்திருக்கிறேன்.

டேப் ஒட்டும் முன் திறந்த பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள், பார்த்தவுடன் ஓகே சொல்கிறேன். வியாழக்கிழமைக்குள் கிளம்பினால் நல்லது, சனிக்கிழமை அவர்களுக்கு ஆள் வருகிறார்களாம். 9,720 ரூபாயும் வரியும் டிராக்கிங் நம்பர் வந்த அன்றே போட்டுவிடுகிறேன்.

கவிதா