சாத்தாச்சா?

கும்பகோணத்திலிருந்து காரைக்கால் போகும் பாதையில், அரசலாற்றை ஒட்டி இருக்கிற அந்தச் சிவன் கோயிலுக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தவில்காரர் கலியமூர்த்தி. வேறு கோயிலிலிருந்து மாற்றலாகி வந்தவர், 35 வருஷமாகத் தோளில் தவில். இன்னொருவன் சுடலைமுத்து. அம்பாசமுத்திரத்துப் பையன். பரீட்சை எழுதி, அர்ச்சனைச் சீட்டு கொடுக்கும் எழுத்தராகத் தேர்வானவன்.

இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கலியமூர்த்திக்கு வாயில் எப்போதும் வெற்றிலை. கோபுரத்துக்கு வெளியே நின்று கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு என்று ஒதுக்கிக்கொண்டார் என்றால், வாசிக்க உள்ளே போகும்வரை உதடு ஒட்டாது. சாறு வழிந்துவிடுமே என்று முகவாயை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே பேசுவார். உதடு ஒட்டாமல் 'ப' எங்கிருந்து வரும்? போதாததற்கு, தவில் சத்தத்திலேயே காலத்தை ஓட்டியதில் காது பாதி போயிருந்தது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஊரில் எல்லாரும் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்பது அவர் கட்சி.

சுடலைமுத்துவிடம் இருந்தது பயம். சேர்ந்த அன்றே கோயில் நிர்வாக அதிகாரியான ஈ.ஓ. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: "நடை சாத்தற நேரம் மட்டும் முன்னே பின்னே ஆகக் கூடாது. ஏற்கெனவே புகார் போயிருக்கு. நான் இங்கே இல்லேன்னாலும் கேக்க ஆள் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

மறுநாள் காலை ஒன்பது மணி. கலியமூர்த்தி சீட்டுக் கவுன்டர் பக்கம் வந்தார். புதுப் பையன், வெளியூர்ப் பிள்ளை, நாலு வார்த்தை விசாரிப்போம் என்று முகவாயைத் தூக்கிக் கேட்டார்.

"தம்பி, சாத்தாச்சா?"

கேட்டது 'சாப்டாச்சா'தான். வந்தது அப்படி.

சுடலைமுத்து விறைத்து எழுந்தான். ஈ.ஓ. சொன்ன ஆள் இவர்தான் போல. "இல்ல அண்ணாச்சி. பன்னெண்டு மணிக்குத்தான்."

"பன்னெண்டா? அவ்ளோ நேரமா?"

"கூட்டம் இருந்தா இன்னும் அரை மணி தள்ளிப் போடணும்னு குருக்கள் சொல்லியிருக்காரு."

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. பையன் எப்போது சாப்பிடுவது என்பதைக் குருக்கள் எதற்கு முடிவு பண்ண வேண்டும்? ஒன்றும் பேசாமல் நகர்ந்தார். அவர் பேசாமல் போனதைப் பார்த்து, என்ன குறை எழுதப் போகிறாரோ என்று சுடலைமுத்து கவலைப்பட்டான்.

சாயங்காலம் மறுபடி வந்தார். "ராத்திரிக்கு?"

"எட்டரைக்கு அண்ணாச்சி. அர்த்தஜாமம் முடிஞ்சதும் குருக்கள்தான் சாத்துவாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுவேன்."

கலியமூர்த்தி காதுக்குக் கடைசி இரண்டு வாக்கியமும் இப்படிப் போய்ச் சேர்ந்தன: குருக்கள்தான் சாப்பிடுவார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி அவர் வீட்டில் குருக்களுக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. அந்த அம்மாளும் இளகிய மனசுக்காரர். "பெத்தவ பாத்தா வயிறு எரிவாளே" என்று அப்போதே அரிசி உளுந்து நனைக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. அவர் கேட்பார், இவன் மணி சொல்வான். குருக்களோ பாவம், ஒன்றும் அறியாதவர். தவில்காரர் ஏன் தம்மைப் பார்க்கும்போதெல்லாம் தீபாராதனைக்கு இத்தனை ஆங்காரமாக அடிக்கிறார், வலக்கை விரல் கூடெல்லாம் தெறித்துவிடும் போலிருக்கிறதே என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

அப்புறம் பிரதோஷம் வந்தது. நாலரை மணிக்கெல்லாம் நந்தியைச் சுற்றி நிற்க இடமில்லை. பால் சொம்பும் வில்வமும் அருகம்புல் மாலையுமாக ஜனம் கோபுர வாசலில் நெருக்கிக்கொண்டிருந்தது. காவலாளி லீவு. சுடலைமுத்துதான் சீட்டும் கிழித்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரச் சொல்லி, வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கையில் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு வந்த கலியமூர்த்தி அந்தக் கோலத்தைப் பார்த்தார். தாங்கவில்லை.

"தம்பி! மதியமாச்சும் சாத்தினியா?"

"மதியம் சரியாப் பன்னெண்டரைக்குச் சாத்தியாச்சு அண்ணாச்சி. இப்ப இனி எட்டரைக்குத்தான்."

கூட்ட இரைச்சலில் அவர் காதில் விழுந்தது 'எட்டரைக்குத்தான்' மட்டும். வாய் நிறைய வெற்றிலை, நெஞ்சு நிறைய ஆவேசம்.

"எட்டரையாவது ஒன்னாவது! இப்பவே சாத்து! எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்!"

"இப்பவா? அபிஷேகம் நடக்குதே அண்ணாச்சி!"

"அது பாட்டுக்கு நடக்கட்டும். நீ சாத்து!"

மேலிடத்து உத்தரவு. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. சுடலைமுத்து கோபுரக் கதவை இரண்டு கையாலும் தள்ளினான். அது லேசில் நகர்கிற கதவா? குமிழ் வைத்த தேக்கு, கீல் கிறீச்சிட ஒரு பக்கம் வந்தது, மறு பக்கமும் வந்தது, தாழும் விழுந்தது. பாதி ஜனம் உள்ளே, பாதி வெளியே. ஒரு வீட்டில் மாமியார் உள்ளே, பால் சொம்போடு மருமகள் வெளியே. அந்த மருமகள் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மற்றவர்கள் கதவை இடித்த இடியில் மாடத்துப் புறாவெல்லாம் எழும்பிவிட்டது.

கலியமூர்த்தியோ இது எதையும் கவனிக்கவில்லை. உள்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து இலையை விரித்து, ஐந்து இட்லியை எடுத்து வைத்து, மிளகாய்ப்பொடியைக் குழித்து, அதில் நல்லெண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

பால் வரவில்லையே என்று குருக்கள் அபிஷேகத்தை நிறுத்திவிட்டு, ஈர வேட்டியோடு ஓடிவந்தார். "யாருய்யா கதவைச் சாத்தினது?"

"ஓய் குருக்களே!" கலியமூர்த்தி எழுந்தார். "ஊர்விட்டு ஊர் வந்த புள்ளையப் பக்கத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு நீர் மட்டும் மொக்குறீரே, நியாயமா இது?"

"நான் என்னத்த மொக்கினேன்?"

"தினம் எட்டரைக்கு! அவனே சொன்னான்!"

குருக்கள் சுடலைமுத்துவைப் பார்த்தார். சுடலைமுத்து தவில்காரரைப் பார்த்தான். "அண்ணாச்சி, நான் நடை சாத்துறதத்தான சொன்னேன். நீங்கதான டெய்லி சாத்தியாச்சா, சாத்தியாச்சான்னு..."

"என்னது?"

குருக்கள் அவர் காதருகே போய்க் கத்தினார். "வாயில இருக்கறதைத் துப்பிட்டு வந்து அதையே இன்னொரு தரம் சொல்லுமய்யா!"

கலியமூர்த்தி தாழை நீக்கி, திட்டிவாசலைத் திறந்து, வெளியே நின்ற ஜனத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு சாக்கடை வரை போனார். துப்பினார். கொப்பளித்தார். திரும்பி வந்து சுடலைமுத்து எதிரில் நின்று, முகவாயைத் தாழ்த்தி, கல்வெட்டில் பொறிப்பது போலச் சொன்னார்: "சாப். டாச். சா."

முதலில் சிரித்தது கதவுக்கு வெளியே இருந்த மருமகள்தான்.

அபிஷேகம் அரை மணி தள்ளி நடந்தது. யாரும் புகார் எழுதவில்லை. எழுதக்கூடிய ஒரே ஆசாமியைக் கேரியரின் இரண்டாம் அடுக்குச் சர்க்கரைப்பொங்கல் சமாதானம் செய்துவிட்டது. சுடலைமுத்து இரவு ஒன்பது மணிக்கு இட்லியைச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஈ.ஓ.

"என்னப்பா, சாத்தியாச்சா?"

இந்த முறை ஏமாறக் கூடாது என்று அவன் தெளிவாகவே பதில் சொன்னான். "ஆச்சு சார். அஞ்சு இட்லி, கூட மொளகாப்பொடி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு காகிதம் புரட்டும் சத்தம்.

"இட்லியா? அது எந்தக் கட்டளையில போகுது?"