தமையனாரின் வரி இலக்கத்தில் பதிவாகிய எனது தவணைப் பணத்தை எனது கணக்குக்கு மாற்றித் தருமாறு கோரல்

தங்கராசா சுகந்தினி
உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை
பரந்தன், கிளிநொச்சி
24.02.2025

பொறுப்பதிகாரி
உள்நாட்டு இறைவரித் திணைக்களம்
பிராந்திய அலுவலகம், யாழ்ப்பாணம்

ஐயா / அம்மணி,

எனது வரி செலுத்துநர் அடையாள இலக்கம் 174308265. 2024/2025 மதிப்பீட்டு ஆண்டின் இரண்டாம் காலாண்டுத் தவணையாக 31,500 ரூபாவை 13.11.2024 அன்று கிளிநொச்சியில் வங்கியில் கட்டினேன். சீட்டில் பெயர் என்னுடையது, தொகை என்னுடையது. இலக்கம் மட்டும் எனது தமையனார் தங்கராசா உதயகுமாருடையது: 128640573. அதனால் பணம் அவருடைய கணக்கில் நிற்கிறது, எனது கணக்கில் அந்தத் தவணை கட்டப்படாதது போலத் தெரிகிறது. அதை எனது இலக்கத்துக்கு மாற்றித் தருமாறு கேட்டே இந்தக் கடிதம்.

தவறு முழுக்க என்னுடையது. அது எப்படி நடந்தது என்று சொன்னால்தான் சீட்டைப் பார்க்கும்போது உங்களுக்கு விளங்கும். தமையனார் மாங்குளத்தில் பார ஊர்தி ஓட்டித் தொழில் செய்கிறார். அவர் பெரும்பாலும் வீதியிலேயே இருப்பதால் அவருடைய தவணையையும் நானே கட்டி வந்தேன். அந்த முறை 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தல், கடைசி நாளான 15ஆம் திகதி போயா. கடைசி நேரம் வரை இழுக்கக் கூடாது என்று 12ஆம் திகதி இரவே கடை மேசையில் இரண்டு சீட்டுகளை எடுத்து வைத்தேன். முதல் சீட்டில் தமையனாரின் இலக்கத்தை மட்டும் எழுதியிருந்தேன், அதற்குள் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வவுனியாவுக்குச் சுமை ஏற்றிப் போன இடத்தில் தன்னுடையதை அன்று காலையே கட்டிவிட்டதாகச் சொன்னார். சரி, நல்லது என்று விட்டுவிட்டேன். மறுநாள் விடியக் கடையில் ஆட்கள் நிற்க, அவசரத்தில் மேலே கிடந்த அந்தச் சீட்டையே எடுத்து எனது பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். இலக்கம் ஏற்கெனவே எழுதியிருந்ததால் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. என்னிடமுள்ள பிரதியை உற்றுப் பார்த்தால் இலக்கம் கறுப்பு மையிலும், பெயரும் தொகையும் நீல மையிலும் இருப்பது தெரியும். மூலச் சீட்டு தேவையானால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

நவம்பர் கடைசி வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்து, பெட்டி பெட்டியாகச் சாமான்களை மேலே தூக்கி வைப்பதிலும் பிறகு காயவைப்பதிலும் அந்த மாதம் போய்விட்டது. கோப்புகளைத் திரும்பப் பார்க்கவே இல்லை. இம்மாதம் முதல் வாரத்தில் உங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டாம் தவணை நிலுவை என்று அறிவித்தல் வந்த பின்னர்தான் சீட்டைத் தேடி எடுத்தேன், இலக்கத்தைக் கண்டேன். முதலில் வங்கிக்குப் போனேன். பணம் திணைக்களத்தின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனித் தங்களால் இலக்கத்தை மாற்ற முடியாது என்று சொல்லி, சீட்டின் சான்றுப்படுத்திய பிரதி ஒன்றைத் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு 17ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்தேன். உங்கள் அலுவலக முன்மேசையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு, எழுத்திலான கோரிக்கையும், பணம் பதிவாகியிருக்கும் இலக்கத்துக்கு உரியவரின் சம்மதமும் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். இரண்டையும் இப்போது தருகிறேன்.

இந்த 31,500 ரூபா தமையனாருடையது அல்ல என்பதை உங்கள் பதிவுகளிலேயே சரிபார்க்கலாம். மதிப்பிட்ட வரிக் கூற்றில் நான் ஆண்டுக்கு 126,000 ரூபா காட்டியிருக்கிறேன், அதன் நான்கில் ஒன்று 31,500. தமையனாரின் கூற்றில் 75,000 ரூபா, அவருடைய தவணை 18,750. அந்த 18,750 ரூபாவை அவர் 12.11.2024 அன்று தனது இலக்கத்தில் சரியாகவே கட்டியிருக்கிறார். ஆகவே இரண்டாம் காலாண்டுக்கு அவருடைய கணக்கில் மொத்தம் 50,250 ரூபா நிற்க வேண்டும், அதில் 31,500 என்னுடையது. எனது முதலாம் தவணையையும், 10.02.2025 அன்று கட்டிய மூன்றாம் தவணையையும் எனது சொந்த இலக்கத்திலேயே கட்டியுள்ளேன். விடுபட்டிருப்பது இந்த ஒன்றுதான்.

ஆகவே, அந்தத் தொகையை 128640573 என்ற இலக்கத்திலிருந்து 174308265க்கு, 2024/2025 இரண்டாம் காலாண்டுத் தவணையாகவே மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்றும் நாளை அல்ல, நான் பணம் கட்டிய 13.11.2024ஐயே செலுத்திய திகதியாகப் பதிய வேண்டும் என்பது எனது முக்கியமான வேண்டுகோள். பணம் உரிய நாளுக்கு முன்பே அரசாங்கத்திடம் வந்து சேர்ந்துவிட்டது. மாற்றிய நாளைப் பதிந்தால் நான் பிந்திக் கட்டியவள் ஆகிவிடுவேன், தண்டப்பணமும் வட்டியும் என் தலையில் விழும். அறிவித்தலில் காட்டியிருக்கும் மேலதிகத் தொகையையும் இந்த அடிப்படையில் நீக்கித் தாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமையனாரின் கணக்கில் அந்தத் தொகை மேலதிகமாகத் தெரிவதால், அதை அவருடைய அடுத்த தவணைக்குக் கழித்துவிடவோ அவருக்கு மீளளிப்பாக அனுப்பிவிடவோ கூடும். அப்படி நடந்தால் இருவருடைய கணக்கும் குழம்பிவிடும். இந்தக் கோரிக்கை முடிவாகும் வரை அந்த 31,500 ரூபாவை அப்படியே வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்கிறேன்.

2010இல் மீளக்குடியேறி வந்தபோது எங்களுக்கு மிஞ்சியது இந்தக் காணி மட்டுந்தான். தகரக் கொட்டகையில் தொடங்கிய கடை இது. 2019இல் வரிக்குப் பதிந்த நாளிலிருந்து ஒரு தவணையும் நான் தவறவிட்டதில்லை. கடையைப் பெரிதாக்கக் கடன் கேட்டு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறேன், அதற்கு வரி நிலுவை இல்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது. பணத்தைக் கட்டியும் கட்டாதவள் என்ற பெயரோடு அங்கே போய் நிற்க எனக்கு மனம் இல்லை.

வங்கி முத்திரையிட்ட சீட்டின் சான்றுப்படுத்திய பிரதி, தமையனார் 12ஆம் திகதி கட்டிய சீட்டின் பிரதி, எங்கள் இருவரின் மதிப்பிட்ட வரிக் கூற்றுகள், தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், எனக்கு வந்த அறிவித்தல், தமையனாரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நேரில் வர வேண்டும் என்றால் இருவருமே வருவோம், இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் தமையனார் சவாரி எடுக்காமல் நிற்பார். இந்தக் கடிதம் கிடைத்ததற்கான முத்திரையை இணைத்துள்ள இரண்டாம் பிரதியில் இட்டுத் தரவும், மாற்றம் செய்யப்பட்டதும் தமிழில் எழுத்து மூலம் அறியத்தரவும் வேண்டுகிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
த. சுகந்தினி

இணைப்பு: சம்மதக் கடிதம்

மாங்குளம்
23.02.2025

தங்கராசா உதயகுமார் ஆகிய நான், 128640573 என்ற வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துக்கு உரியவர். 13.11.2024 அன்று எனது இலக்கத்தில் பதிவாகியுள்ள 31,500 ரூபா நான் கட்டியதல்ல, எனது வருமானத்துக்கான வரியும் அல்ல. அது எனது தங்கை சுகந்தினியின் பணம். அதற்கு நான் இப்போதோ பின்னரோ உரிமை கோரமாட்டேன், எனது எந்த வரியிலும் கழிக்கக் கேட்கவும் மாட்டேன். அதை அவருடைய 174308265 என்ற இலக்கத்துக்கு மாற்ற முழுமையாகச் சம்மதிக்கிறேன். நான் 12.11.2024 அன்று கட்டிய 18,750 ரூபா என்னுடையது. அதில் எந்த மாற்றமும் வேண்டாம்.

த. உதயகுமார்